பதில் மெயிலில் சிக்னேச்சர் எங்கே போகிறது?

கேள்வி

ஐயா, நான் ராயபுரத்தில் இருக்கிறேன். மண்ணடியில் இருக்கும் என் மாமனாரின் க்ளியரிங் ஆபீஸில் மெயில் வேலை முழுக்க நான்தான் பார்க்கிறேன். என் பெயரில் தனியாக டிரெய்லர் டிரான்ஸ்போர்ட்டும் நடத்துகிறேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில் இரண்டு கணக்கும் இருக்கின்றன. டாக்குமென்ட் அனுப்புவதற்கென்று docs என்று தொடங்கும் இன்னொரு முகவரிக்கு வருவதும் க்ளியரிங் கணக்கிலேயே வந்து விழும்.

புது மெயில் எழுதினால் சிக்னேச்சர் ஒழுங்காக வருகிறது. பதில் போட்டால் பழைய மெயில்கள் எல்லாம் முடிந்து அடியில் போய் நிற்கிறது. docs-க்கு வந்த மெயிலுக்குப் பதில் போட்டால் சிக்னேச்சரே இல்லை. துறைமுகத்தின் ஜீரோ கேட் வரிசையில் என் வண்டி நிற்கும்போது, கப்பல் லைனர் ஆபீஸ்காரர் மெயிலில் என் நம்பரைத் தேடிக் கிடைக்காமல் மதியம் வரை டி.ஓ. என்கிற டெலிவரி ஆர்டர் தாமதமானது. அதைவிட மோசம், டிரெய்லர் வாடகை பற்றி ஒரு பார்ட்டிக்கு நான் போட்ட பதில் மாமனார் ஆபீஸ் பெயரில் போய்விட்டது. "அப்போ வாடகைக்கு அவங்கதானே பொறுப்பு" என்று கேட்கிறார்கள்.

தண்டர்பேர்டை எடுத்துவிட்டு மறுபடி போடலாம் என்கிறான் ஆபீஸ் பையன். இரண்டு நிறுவனத்தையும் சேர்த்து ஒரே சிக்னேச்சராகப் போடச் சொல்கிறார் கொழுந்தனார். நான் என்ன செய்வது? அந்த மெயிலில் மாமனார் ஆபீஸ் சார்பாகக் கையெழுத்துப் போட்டதாக ஆகிவிடுமா?

— பெயர் வேண்டாம், ராயபுரம்

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் வேலையாக, தண்டர்பேர்டை எடுத்துவிட்டு மறுபடி போடும் யோசனையை நிறுத்துங்கள். உங்கள் கணக்கு, சிக்னேச்சர், செட்டிங் எல்லாம் புரொஃபைல் என்கிற தனி ஃபோல்டரில் இருக்கின்றன. மென்பொருளை நீக்கினாலும் அந்த ஃபோல்டர் அப்படியே இருக்கும். மறுபடி போட்டதும் அதே செட்டிங்கோடுதான் திறக்கும், பிரச்சினையும் அப்படியே இருக்கும். "சுத்தமாகப் போடுகிறேன்" என்று பையன் அந்த ஃபோல்டரையும் சேர்த்து அழித்தால் விஷயம் வேறு. Account Settings-ல் ஒவ்வொரு கணக்குக்கும் கீழே Server Settings என்று இருக்கும். அங்கே Server Type என்ற இடத்தில் POP என்று இருந்தால், உங்கள் பழைய மெயில்கள் அந்தக் கம்ப்யூட்டரில் மட்டுமே இருக்க வாய்ப்பு அதிகம். ஃபோல்டர் போனால் வருடக்கணக்கான டாக்குமென்ட்டும் அதோடு போகும். IMAP என்று இருந்தால் சர்வரில் பிரதி இருக்கும். எதுவாக இருந்தாலும் உங்கள் பிரச்சினைக்கு அழிக்கிற வேலையே தேவையில்லை.

உங்கள் கடிதத்தில் மூன்று கோளாறுகள் இருக்கின்றன. சிக்னேச்சர் அடியில் போவது ஒன்று. docs-ல் இல்லாமல் போவது இன்னொன்று. தவறான நிறுவனத்தின் பெயர் போவது மூன்றாவது. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. ஒரே செட்டிங்கை மாற்றி மூன்றையும் சரிசெய்யப் பார்ப்பதால்தான் பலர் நாள் முழுக்க உட்கார்ந்தும் விடை கிடைக்காமல் எழுந்து போகிறார்கள். கஷ்டமானதிலிருந்து தொடங்குகிறேன்.

docs-க்கு மட்டும் ஏன் வரவில்லை?

புது மெயிலில் வருகிறது, docs-க்கு வந்த மெயிலுக்கான பதிலில் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படிக்கும் யாருக்கும் பதிலுக்கான சிக்னேச்சர் அணைந்திருக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் அதே கடிதத்தில், மற்ற முகவரிகளுக்கு வரும் மெயிலுக்குப் பதில் போட்டால் சிக்னேச்சர் வருகிறது, அடியில் நிற்கிறது என்றும் சொல்கிறீர்கள். அப்படியானால் அந்தக் கணக்கில் பதிலுக்கான சிக்னேச்சர் அணையவில்லை. வித்தியாசம் எங்கே என்றால், அனுப்புகிற முகவரியில்.

பெரும்பாலானோர் சிக்னேச்சரைக் கணக்குக்கு உரியது என்று நினைக்கிறார்கள். தண்டர்பேர்டில் அது ஐடென்டிட்டிக்கு உரியது. ஐடென்டிட்டி என்றால் From வரியில் வரும் பெயரும் முகவரியும், அதோடு ஒட்டிய சில செட்டிங்குகளும். ஒரு கணக்குக்குள் பல ஐடென்டிட்டிகள் இருக்கலாம். உங்கள் க்ளியரிங் கணக்கில் இரண்டு இருக்கின்றன என்பது என் கணிப்பு. ஆபீஸின் முக்கிய முகவரி ஒன்று, docs முகவரி ஒன்று. docs முகவரியை யாரோ ஒருவர் சேர்த்துக் கொடுத்திருக்கிறார், பெயரும் முகவரியும் அடித்துவிட்டு, சிக்னேச்சர் பெட்டியைக் காலியாக விட்டிருக்கிறார்.

இனி நடப்பதைப் பாருங்கள். நீங்கள் புது மெயில் எழுதும்போது தண்டர்பேர்ட் கணக்கின் முதல் ஐடென்டிட்டியை எடுக்கும். அதில் சிக்னேச்சர் இருக்கிறது, வருகிறது. பதில் போடும்போது அப்படி எடுக்காது. வந்த மெயிலின் To, Cc வரிகளில் உங்கள் ஐடென்டிட்டிகளில் எதன் முகவரி இருக்கிறது என்று தேடும். docs கிடைத்தால் docs ஐடென்டிட்டியை எடுத்துக்கொள்ளும். அதன் பெட்டி காலி. அதனால் சிக்னேச்சர் இல்லை. எதுவுமே பொருந்தாவிட்டால், உதாரணமாக உங்களுக்கு Bcc-யில் வந்திருந்தால், மறுபடி முதல் ஐடென்டிட்டிக்கே திரும்பும்.

உறுதி செய்வது சுலபம். docs-க்கு வந்த ஏதாவது ஒரு மெயிலைத் திறந்து Reply கொடுங்கள். எதுவும் அடிக்காமல் From வரியை மட்டும் பாருங்கள். அங்கே docs முகவரி இருந்தால் என் கணிப்பு சரி. இப்போது From வரியைக் க்ளிக் செய்து ஆபீஸ் முகவரியைத் தேர்ந்தெடுங்கள். அந்த நொடியே கீழே சிக்னேச்சர் வந்து உட்கார்ந்தால், சந்தேகமே வேண்டாம். தண்டர்பேர்ட் From மாறும்போது சிக்னேச்சரையும் மாற்றிவிடும்.

சரிசெய்ய, Account Settings-ல் இடப்பக்கம் க்ளியரிங் கணக்கின் பெயரைக் க்ளிக் செய்யுங்கள். வலப்பக்கத்தில் Manage Identities… என்று ஒரு பட்டன் இருக்கும். அதைத் திறந்து docs வரியைத் தேர்ந்து Edit… கொடுத்தால் ஒரு சிறிய ஜன்னல் வரும். Settings என்ற தாவலில் Signature text பெட்டி இருக்கும். அங்கே சிக்னேச்சரை அடியுங்கள். அதே ஜன்னலில் Composition & Addressing என்ற தாவலும் இருக்கிறது. பலர் இதைப் பார்ப்பதே இல்லை. கணக்கில் நீங்கள் செய்யும் மாற்றம் முதல் ஐடென்டிட்டிக்கு மட்டும்தான். docs-க்கு அதையே தனியாக, இந்தத் தாவலில் செய்ய வேண்டும். Include signature for replies என்ற பெட்டியில் டிக் இருக்கிறதா என்று இங்கேயும் பாருங்கள். அதற்குக் கீழே Include signature for forwards என்று இன்னொன்று இருக்கும். அது தொடக்கத்தில் டிக் இல்லாமல்தான் வரும். பில் ஆஃப் லேடிங்கை லைனருக்கு ஃபார்வர்டு செய்யும்போதும் சிக்னேச்சர் வேண்டும் என்றால் அதையும் போட்டுவிடுங்கள்.

சிக்னேச்சர் பெட்டிக்குக் கீழே, ஒரு ஃபைலிலிருந்து எடுத்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. Attach the signature from a file instead என்று தொடங்கும் வரி. லோகோவோடு அழகாகச் செய்த ஃபைலை டெஸ்க்டாப்பில் வைத்து அங்கே இணைத்திருப்பார்கள். பிறகு யாராவது டெஸ்க்டாப்பைச் சுத்தம் செய்வார்கள். ஃபைல் இடம் மாறியதும் சிக்னேச்சர் வராது, எச்சரிக்கையும் வராது. மண்ணடி ஆபீஸ்களில் "திடீரென்று காணாமல் போச்சு" என்று என்னைக் கூப்பிடும்போது நான் இதைத்தான் முதலில் பார்ப்பேன். நான்கு வரி சிக்னேச்சருக்கு ஃபைல் தேவையில்லை, பெட்டியே போதும்.

அடியில் போவதற்குக் காரணம்

இது கோளாறே இல்லை, ஒரு பழைய பழக்கத்தின் மிச்சம். இணையத்தின் ஆரம்பக் காலத்தில், பதிலைப் பழைய மெயிலுக்குக் கீழே எழுதுவார்கள். மேலே கேள்வி, கீழே பதில், கடைசியில் சிக்னேச்சர். படிக்கிறவர் மேலிருந்து கீழே வாசித்தால் உரையாடல் போலவே இருக்கும். தண்டர்பேர்ட் அந்த மரபில் வந்தது. அதனால்தான் அதில் below the quote என்பதற்குப் பக்கத்தில் (recommended) என்று போட்டிருக்கிறது. அந்தப் பரிந்துரை, பதிலைக் கீழே எழுதுகிறவர்களுக்குப் பொருந்தும். நீங்களும் உங்கள் லைனரும் பார்ட்டியும் எல்லாரும் மேலேதான் எழுதுகிறீர்கள். மேலே எழுதிவிட்டு சிக்னேச்சரை மட்டும் கீழே விட்டால், பத்து மெயில் நீண்ட சங்கிலியின் அடியில்தான் அது போய் நிற்கும். லைனர் ஆபீஸ்காரர் அவ்வளவு தூரம் உருட்டிப் பார்க்க மாட்டார்.

அவர் ஜிமெயிலில் பார்க்கிறார் என்றால் இன்னும் சிக்கல். ஜிமெயில் பழைய மெயிலை மூன்று புள்ளிகளுக்குள் மடித்து வைத்துவிடும். அதற்கும் கீழே இருக்கும் உங்கள் நம்பரும் பெரும்பாலும் அதே மடிப்புக்குள் போய்விடும். அவர் "நம்பர் இல்லை" என்று சொன்னது பொய்யில்லை, அவர் கண்ணில் படவே இல்லை.

Account Settings-ல் கணக்கின் கீழே Composition & Addressing-ஐத் திறங்கள். Automatically quote the original message when replying என்று ஒரு டிக் இருக்கும். அதற்கு அடுத்து இரண்டு தேர்வுகள். முதலாவதில் start my reply above the quote என்று வையுங்கள். வைத்த பிறகுதான் இரண்டாவது தேர்வு திறக்கும். அதில் below my reply (above the quote) என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவதை மாற்ற முடியவில்லை, சாம்பல் நிறத்தில் இருக்கிறது என்று சொல்கிறவர்களுக்கு விடை இதுதான். முதல் தேர்வு "கீழே" என்று இருக்கும்போது சிக்னேச்சரை நடுவில் வைக்க வழியில்லை, அதனால் அது பூட்டியிருக்கும். இதை மூன்று முகவரிக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

சங்கிலி நீளமாவதைக் குறைக்கவும் ஒரு வழி இருக்கிறது. வந்த மெயிலில் எந்த வரிக்குப் பதில் சொல்கிறீர்களோ அதை மட்டும் மவுஸால் தேர்ந்துவிட்டு Reply கொடுங்கள். தண்டர்பேர்ட் அந்த வரியை மட்டுமே பழைய மெயிலாக எடுத்து வைக்கும். கன்டெய்னர் நம்பர் இருக்கும் ஒரு வரி போதும் என்கிற இடத்தில் நல்ல வசதி. ஆனால் வாடகை, டிடென்ஷன் மாதிரி பணம் சம்பந்தப்பட்ட பேச்சில் முழுச் சங்கிலியும் இருக்கட்டும். பின்னால் யார் எப்போது என்ன ஒப்புக்கொண்டார்கள் என்று பார்க்க அது வேண்டும்.

இரண்டு கோடு, ஒரு இடைவெளி

இந்த மாற்றத்தைச் செய்ததும் ஒரு சின்ன விஷயம் கண்ணில் படும். இதுவரை சிக்னேச்சருக்கு மேலே இருந்த சிறு கோடு பதில் மெயிலில் காணாமல் போயிருக்கும். பயப்பட வேண்டாம், அது வேண்டுமென்றே எடுக்கப்படுகிறது.

அந்தக் கோடு அலங்காரம் இல்லை. இரண்டு ஹைஃபன், ஒரு இடைவெளி, அதோடு வரி முடிவு என்று இப்படி இருக்கும்:

```
-- 
உங்கள் பெயர்
நிறுவனத்தின் பெயர்
```

இதற்குக் கீழே இருப்பதெல்லாம் சிக்னேச்சர் என்று மெயில் மென்பொருள்கள் புரிந்துகொள்ளும். 2004-ல் வந்த ஆர்.எஃப்.சி. 3676 என்ற இணைய ஆவணமும் இந்த வழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறது. இதை மதிக்கும் மென்பொருள்கள் கோட்டுக்குக் கீழே இருப்பதை மங்கலாகக் காட்டும். பதில் போடும்போது அந்தப் பகுதியை வெட்டிவிடும். சிக்னேச்சர் கடைசியில் இருக்கும் வரை இது நல்லது. சிக்னேச்சரை பழைய மெயிலுக்கு மேலே கொண்டுவந்து, கோட்டையும் வைத்திருந்தால்? கோட்டுக்குக் கீழே உள்ள மொத்தச் சங்கிலியும் சிக்னேச்சராகக் கருதப்படும். பார்ட்டி பதில் போடும்போது பழைய பேச்செல்லாம் வெட்டுப்பட்டுப் போகலாம். அதனால்தான் சிக்னேச்சரை மேலே வைத்ததும் தண்டர்பேர்ட் கோட்டைத் தானாகவே விட்டுவிடுகிறது. ஜிமெயிலும் இந்த இரண்டையும் சேர்த்தே ஒரே டிக்கில் வைத்திருக்கிறது. அந்த டிக்கின் வாசகம் Insert signature before quoted text in replies and remove the "--" line that precedes it என்று இருக்கும்.

இதில் நடக்கும் தவறு ஒன்றுதான். கோடு காணவில்லையே என்று யாராவது சிக்னேச்சர் பெட்டிக்குள்ளேயே முதல் வரியாக இரண்டு ஹைஃபனையும் இடைவெளியையும் அடித்து வைப்பார்கள். பிறகு தண்டர்பேர்ட் எடுத்தாலும் அது போகாது, ஏனென்றால் அது இப்போது உங்கள் எழுத்து. உங்கள் மூன்று பெட்டிகளிலும் முதல் வரியைப் பாருங்கள், இருந்தால் அழித்துவிடுங்கள். பிரிவு தெரிய வேண்டும் என்றால் ஒரு காலி வரி விட்டால் போதும்.

மூன்று முகவரி, மூன்று சிக்னேச்சர்

டிரான்ஸ்போர்ட் கணக்குக்கு வேறு சிக்னேச்சர் வைப்பது எளிது. இடப்பக்கம் அந்தக் கணக்கைக் க்ளிக் செய்து, வலப்பக்கம் இருக்கும் Signature text பெட்டியில் எழுதினால் முடிந்தது. docs-க்கு மேலே சொன்ன வழி. மூன்றிலும் முதல் வரியில் உங்கள் பெயர், இரண்டாவதில் நிறுவனத்தின் பெயர், அதற்குக் கீழே கைபேசி எண், கடைசியில் தெருவும் ஊரும். docs சிக்னேச்சரில் வேண்டுமானால், டாக்குமென்ட் சம்பந்தமான மெயில் மட்டும் இந்த முகவரிக்கு என்று ஒரு வரி சேர்க்கலாம். லோகோ வேண்டாம் என்பது என் கருத்து. ஒவ்வொரு பதிலிலும் அந்தப் படம் மறுபடி ஒட்டிக்கொண்டே போகும். இன்வாய்ஸைத் தேடுகிறவருக்கு இணைப்பு வரிசையில் பத்து லோகோதான் தெரியும்.

எழுதி முடித்ததும் சோதித்துப் பார்க்காமல் விடாதீர்கள். உங்கள் சொந்த மெயிலிலிருந்து மூன்று முகவரிக்கும் ஆளுக்கொரு மெயில் அனுப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் போடுங்கள். அனுப்புவதற்கு முன் From சரியா, சிக்னேச்சர் உங்கள் எழுத்துக்குக் கீழே, பழைய மெயிலுக்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு உங்கள் போனில் அந்தப் பதிலைத் திறந்து அங்கே எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். ஒரே உரையாடலில் அதே சிக்னேச்சர் திரும்பத் திரும்ப வந்தால் ஜிமெயில் அதையும் மடித்துவிடுவது உண்டு. மூன்று புள்ளியைத் தட்டினால் தெரிகிறது என்றால் சிக்னேச்சர் போயிருக்கிறது என்று அர்த்தம். இனி யாராவது "இல்லை" என்று சொன்னால், முதலில் Sent ஃபோல்டரில் அந்த மெயிலைத் திறந்து பாருங்கள். அங்கே இருந்தால் உங்கள் பக்கம் சரி.

போனிலிருந்து பதில் போடுவீர்கள் என்றால் அது தனி உலகம். தண்டர்பேர்டில் நீங்கள் வைத்த எதுவும் அங்கே போகாது. ஜிமெயில் ஆப்பில் Settings-ல் ஒவ்வொரு கணக்கையும் தனித்தனியாகத் திறந்து, Mobile Signature என்ற இடத்தில் எழுத வேண்டும். படம், வண்ணம் இல்லாமல் வெறும் எழுத்து மட்டும்தான் வரும். அதுவே போதும். அவுட்லுக் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வரி: பழைய அவுட்லுக்கில் Signatures ஜன்னலில் E-mail account, New messages, Replies/forwards என்று மூன்று தேர்வுகள் இருக்கும். கணக்கை மாற்றி மாற்றி மற்ற இரண்டையும் நிரப்ப வேண்டும். Replies/forwards-ல் (none) என்று இருந்தால் பதிலில் வராததற்கு அதுதான் காரணம்.

தவறான பெயரில் போன வாடகை மெயில்

இதில் தண்டர்பேர்ட் தன் விதிப்படிதான் நடந்திருக்கிறது. பார்ட்டி வாடகையைப் பற்றி உங்கள் மாமனார் ஆபீஸ் முகவரிக்கு எழுதியிருப்பார், அவருக்குத் தெரிந்த முகவரி அது. எந்த முகவரிக்கு வந்ததோ அந்த முகவரியிலிருந்தே பதில் போனது, சிக்னேச்சரும் அதனுடையதே. உள்ளே இருக்கிற விஷயம் டிரான்ஸ்போர்ட் என்று மென்பொருளுக்குத் தெரியாது. தனித்தனி சிக்னேச்சர் எவ்வளவு சரியாக வைத்தாலும் இந்த இடத்தில் அது உதவாது. ஒரு நிறுவனத்துக்கு வந்த கடிதத்துக்கு மற்ற நிறுவனத்தின் சார்பில் பதில் சொல்லும்போது, From வரியை நீங்களே மாற்ற வேண்டும். எழுதத் தொடங்கும் முன்பே மாற்றுங்கள், சிக்னேச்சரும் சேர்ந்து மாறும். அந்தப் பட்டியலின் அடியில் Customize From Address… என்று இருப்பதைத் தொடாதீர்கள். அதில் முகவரியை மட்டும் கையால் மாற்றலாம், சிக்னேச்சர் பழைய நிறுவனத்தினுடையதாகவே நிற்கும். பார்ப்பவருக்கு இன்னும் குழப்பம். எல்லாக் கணக்கின் இன்பாக்ஸையும் ஒன்றாகக் காட்டும் Unified Folders பார்வையில் வேலை செய்தால், மெயில் எந்தக் கணக்குக்கு வந்தது என்பதே கண்ணில் படாது. இரண்டு நிறுவனம் நடத்துகிற உங்களுக்கு அந்தப் பார்வை வேண்டாம்.

கொழுந்தனார் சொல்லும் ஒரே சிக்னேச்சர் யோசனை, நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் இப்போது ஒரு மெயிலில் வந்த சந்தேகம் பிறகு எல்லா மெயிலிலும் வரும். இரண்டு பெயரும் இருக்கிற மெயிலில் வாடகை பேசினால், யார் பேசியது என்று பார்ட்டி எப்படிச் சொல்வார்? மாமனார் ஆபீஸ் எல்.எல்.பி.யாகவோ பிரைவேட் லிமிடெட்டாகவோ இருந்தால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எல்.எல்.பி. சட்டத்தின் 21-வது பிரிவும், 2013 கம்பெனிச் சட்டத்தின் 12-வது பிரிவும், நிறுவனத்தின் பெயர், பதிவு அலுவலக முகவரி, பதிவு எண் ஆகியவை அலுவலகக் கடிதங்களில் இருக்க வேண்டும் என்கின்றன. அந்த விவரங்களோடு உங்கள் தனிநபர் நிறுவனத்தின் பெயரைக் கலப்பது சரியாக இருக்காது.

கையெழுத்துப் பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் பில் ஆஃப் என்ட்ரி போடும்போது மாமனார் ஆபீஸில் ஒரு டோக்கனைச் செருகிக் கையொப்பம் இடுகிறார்கள் அல்லவா, தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 சொல்லும் டிஜிட்டல் கையொப்பம் அதுதான். மெயிலின் அடியில் தானாக வந்து விழும் நான்கு வரி அந்த வகையில் சேராது. அதற்காக அந்த மெயிலுக்கு மதிப்பே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். மின்னணு வழியில் பேசி முடித்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு ஒப்பந்தம் செல்லாது என்று சொல்ல முடியாது என்கிறது அதே சட்டத்தின் 10A பிரிவு. ஆகவே சிக்னேச்சரைவிட, மெயிலில் என்ன எழுதினீர்கள், எந்த முகவரியிலிருந்து எழுதினீர்கள், அதற்கு முன்னும் பின்னும் இரு தரப்பும் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதே பேசும். வண்டி உங்களுடையது, லாரி ரசீதும் பில்லும் உங்கள் டிரான்ஸ்போர்ட் பெயரில் இருக்கின்றன என்றால் அவை உங்கள் பக்கம் நிற்கும். தொகை பெரியது, பார்ட்டி எழுத்தில் தகராறு செய்கிறார் என்றால் ஒரு வழக்கறிஞரிடம் முழுச் சங்கிலியையும் காட்டுங்கள்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. Sent ஃபோல்டரில் இருக்கும் அந்த மெயிலை அழித்துவிடாதீர்கள், பார்ட்டியிடம் பிரதி இருக்கிறது, உங்களிடமும் இருக்கட்டும். அதே சங்கிலியில் Reply All கொடுத்து, From-ஐ டிரான்ஸ்போர்ட் முகவரிக்கு மாற்றி, மாமனார் ஆபீஸ் முகவரியை Cc-யில் வைத்து, இப்படி எழுதுங்கள்: "டிரெய்லர் வாடகை தொடர்பாக இந்தத் தேதியில் எங்கள் க்ளியரிங் அலுவலக முகவரியிலிருந்து வந்த பதில், என் டிரான்ஸ்போர்ட் நிறுவனத்தின் சார்பில் எழுதப்பட்டது. வாடகை, பில், வசூல் அனைத்துக்கும் இந்த முகவரியில் எழுதவும்." தேதியையும் கன்டெய்னர் நம்பரையும் மறக்காமல் போடுங்கள். மாமனாரிடம் சொல்லி, அவர் முகவரியிலிருந்து "மேற்கண்டது சரி" என்று ஒரு வரி அதே சங்கிலியில் போடச் சொல்லுங்கள். வாடகை பில்லை அதன் பிறகு டிரான்ஸ்போர்ட் கணக்கிலிருந்தே அனுப்புங்கள்.